நடு விலகிய தகடு

அந்தத் தகடுகளில் ஓட்டைகள் இடம் மாறியதற்கு நான்தான் காரணம். வேலை போனது, என்னோடு ஒரே அறையில் வரைந்துகொண்டிருந்த பெண்ணுக்கு. அவள் போகும் வரைக்கும் நான் வாய் திறக்கவில்லை.

சுனாமியில் கடல் பொங்கிய பிறகு, உடைந்த வள்ளங்களைத் திருத்துவதற்கென்று வாழைச்சேனைப் பக்கத்தில் ஒரு பட்டறை தொடங்கினார்கள். யுத்தம் முடிந்தபோது வள்ள வேலை குறைந்தது. காலை இழந்தவர்கள் கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டிகளைச் செய்யத் தொடங்கினோம். நான் அங்கே பொறியியலாளர். அவள் மட்டக்களப்பு நகரத்து மெதடிஸ்தக் குடும்பத்துப் பிள்ளை. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு வந்து, கணனியில் வரைந்தாள்.

நாங்கள் பாவித்த மென்பொருளில் முதலில் ஒரு ஸ்கெட்ச் போட வேண்டும். கோடு நகரக்கூடிய நிலையில் இருக்கும்வரை அது நீலமாகத் தெரியும். மவுஸால் பிடித்து இழுத்தால் வரும். நான்கு தனிக் கோடுகளைக் கீறினால், ஒவ்வொரு முனையும் குறுக்காகவும் மேல் கீழாகவும் நகரலாம். எட்டு முனைகளுக்கும் சேர்த்துப் பதினாறு விதமான அசைவு. முனைகளை ஒன்றோடொன்று பொருத்தினால் எட்டு போய்விடும். இரண்டு கோடுகளைக் கிடையாகவும் இரண்டை நிலைக்குத்தாகவும் இருக்கச் சொன்னால் இன்னும் நான்கு போகும். இப்போது அது செவ்வகம். ஆனாலும் அகலம், உயரம், இருக்கும் இடம் எதுவும் நிச்சயமில்லை. அதன் நடுவை ஆரம்பப் புள்ளியில் கட்டி, அகலத்துக்கும் உயரத்துக்கும் எண் கொடுத்தால் கடைசி நான்கும் முடிந்துவிடும். கோடுகள் கறுப்பாகும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் அசையாது.

கறுப்பானால் சரி என்று நினைப்பது எங்கள் தொழிலில் சுலபமாக வரும் பழக்கம். எதுவும் அசையாது என்பதற்கு மட்டுந்தான் கறுப்பு சாட்சி. எண் மாறும்போது எது எதோடு சேர்ந்து நகர வேண்டும் என்பதை, எந்தக் கட்டுப்பாட்டைப் போட்டோம் என்பதே தீர்மானிக்கிறது. இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

வண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கும் தகடு அது. சட்டத்தின் இரண்டு குழாய்களுக்கு நடுவே அதை ஒட்ட வேண்டும். அகலம் நூற்றிருபது மில்லிமீற்றர். அதில் இரண்டு ஓட்டைகள், எண்பது இடைவெளியில். அவள் நடுவே ஒரு அச்சுக்கோடு போட்டு, ஓட்டைகள் இரண்டும் அதற்குச் சமச்சீராக இருக்க வேண்டும் என்று கட்டியிருந்தாள். தகடு எவ்வளவு அகன்றாலும் ஓட்டைகள் நடுவை விடாது.

தகடு வெட்டும் கடைக்காரர் இடது ஓரத்திலிருந்து முதல் ஓட்டைக்கு அளவு கேட்டார். அவள் அன்று லீவு. நான் அவளுடைய கோப்பைத் திறந்து இருபது என்று போட்டேன். ஸ்கெட்ச் சிவந்தது. அகலமும் இடைவெளியும் சமச்சீரும் சேர்ந்தே அந்த இருபதை ஏற்கெனவே தீர்மானித்துவிட்டன. இன்னொரு கட்டளைக்கு இடமில்லை என்று அது சொல்லிற்று. அந்த அளவைப் பார்வைக்கு மட்டும் காட்டும் அளவாக மாற்றியிருந்தால் வேலை முடிந்திருக்கும். நான் அவசரத்தில் சமச்சீரை அழித்தேன். வலது ஓட்டை உடனே நீலமானது. அதை மேல் கீழாகப் பிடிக்க இப்போது ஒன்றுமில்லை. இரண்டு ஓட்டைகளையும் ஒரே கிடைமட்டத்தில் கட்டினேன். எல்லாம் கறுப்பு. சேமித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். அவளிடம் சொல்லவுமில்லை.

பிறகு சட்டத்தை அகலமாக்கினார்கள். அவள் நூற்றிருபதை நூற்றுநாற்பதாக மாற்றினாள். தகடு இரு பக்கமும் பத்துப் பத்தாக விரிந்தது. இடது ஓட்டை, நான் கட்டியபடி, ஓரத்தோடு சேர்ந்து இடப்பக்கம் போயிற்று. வலது ஓட்டை எண்பது இடைவெளியைக் காத்துக்கொண்டு அதன் பின்னால் போயிற்று. ஸ்கெட்ச் கறுப்பாகவே இருந்தது; எழுதியிருந்த இருபதும் எண்பதும் அப்படியே இருந்தன. அவள் நம்பிக் கடைக்கு அனுப்பினாள்.

முதல் வண்டியை ஓட்டிப் பார்த்தவர் பெரியகல்லாற்றுக்காரர், முன்பு மீன்பிடித்தவர். இடப்பக்கம் களப்பு என்ற கடலேரி கிடந்த றோட்டில் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி வந்தார்.

"சேர், இது என்னைக் கேக்காமக் களப்புக்குத்தான் போகுது. பழைய தொழிலுக்கே அனுப்பப் பாக்குறீங்களோ?"

எல்லாரும் சிரித்தோம். வெல்டர் சட்டத்தின் கீழே குனிந்து அளவு நாடாவை வைத்துப் பார்த்தார்.

"பத்து மில்லி இடப்பக்கம். ஆர் வரைஞ்சது? மிஸ்தானே?"

எனக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது. இருபது என்று நான் போட்டது கண்ணுக்குள் வந்தது. வெட்டி வந்த தகடுகள் எல்லாம் அப்படித்தான் இருந்தன.

முகாமையாளர் அவளையும் என்னையும் கூப்பிட்டார். கோப்பைக் கடைசியாக மாற்றியது அவள். "அனுப்ப முந்திப் பார்க்க ஏலாதா, தங்கச்சி?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மாத முடிவில் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

புதுத் தகடுகளை நானே வரைந்தேன், சமச்சீரோடு. வண்டிகள் நேராக ஓடின. எனக்குத்தான் அந்த அறையில் இருக்க முடியவில்லை. மழைக்காலம் முடிகிற நேரத்தில் முகாமையாளரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர், "அவவுக்குச் சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அவள் நகரத்தில் ஒரு போட்டோக் கொப்பிக் கடையில் நின்றாள். கடையில் ஆளில்லாத நேரம் பார்த்துப் போய்ச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும், சேர். பிழை வந்த அண்டைக்கே, நான் போட்ட சமச்சீர் இல்லாமப் போனதைப் பாத்திட்டன். அந்தக் கோப்பை உங்களை விட்டா வேற ஆர் திறப்பாங்க?"

"ஏன் சொல்லல்ல?"

"சொன்னா, சேர் மேல பழி போடுறாள் எண்டுதானே சொல்லியிருப்பாங்க? நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டு இருந்தன்." அவள் தாள்களைத் தட்டி அடுக்கினாள். "எனக்கிட்ட வந்து சொல்லி என்ன? அங்க எல்லாருக்கும் முன்னாலதானே எனக்கு அந்தப் பேர் வந்தது."

அடுத்த நாள் காலைத் தேநீர் வேளையில் பட்டறையில் எல்லாரையும் கூட்டிச் சொன்னேன். கணனியை வெளியே கொண்டுவந்து, அவள் கட்டியதையும் நான் அழித்ததையும் காட்டினேன். அகலத்தை மாற்றினேன், ஓட்டைகள் ஓரத்தோடு நழுவுவதை எல்லாரும் பார்த்தார்கள். வெல்டர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மிஸ்ஸை நான் எவ்வளவு நக்கலடிச்சன்," என்றார். "அப்ப நீங்களும் நிண்டு சிரிச்சீங்களே, சேர்."

ஓம், சிரித்தேன் என்றேன்.

முகாமையாளர் அவளைத் திரும்ப அழைத்தார். தன் கோப்புகளைத் தனக்குத் தெரியாமல் யாரும் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு வந்தாள். பட்டறை மூடும்வரை வேலை செய்தாள். என்னோடு மரியாதைக் குறைவாக ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் வரைபடங்களைச் சரிபார்க்க என்னிடம் கொண்டுவரவில்லை. முகாமையாளரிடம் கொண்டுபோனாள், அவருக்கு அவை முழுதாக விளங்காத போதும். ஒருமுறை, "நான் ஒருக்காப் பாக்கட்டா, பிள்ளை?" என்று கேட்டேன்.

"வேணாம் சேர். நான் ரெண்டு தரம் பாத்திட்டன்," என்றாள்.

உண்மையிலேயே இரண்டு தரம் பார்த்திருப்பாள். அதன் பிறகு நான் கேட்கவில்லை.