மூட்டைக்கு எத்தனை கிலோ

லாரி புக்கிங் ஆபீசில் அவருக்குக் கிலோக்கா என்றே பெயர். வியாபாரிகளின் ரசீதுகளைப் பார்த்துச் சரக்கின் எடையைக் கணினியில் ஏற்றுவது அவர் வேலை. எடைக்கு ஏற்ற வண்டியைத்தான் அனுப்ப முடியும்.

வியாபாரிகளோ அவரவர் இஷ்டத்துக்கு எழுதுவார்கள். ஒருவர் ஐந்து டஜன் வாளி என்பார். புதிதாக வந்த மென்பொருள் அதை ஐந்து வாளி என்று படிக்கும், கிலோக்கா அறுபதாக்குவார். இன்னொருவர் எட்டு குவிண்டால் என்பார். அது எண்ணூறு கிலோ. இவையாவது பரவாயில்லை. மூட்டைதான் உயிரை வாங்கும். சரக்கு எதுவானாலும், மூட்டை என்றால் ஐம்பது கிலோ என்று போட்டுவிடும் அந்த மென்பொருள்.

அதை நம்பிப் போன வாரம் தம்பியின் சின்ன லாரியை அனுப்பினார். இரண்டரை டன்தான் தாங்கும் வண்டி. சரக்கு அதற்கு மேல் இருந்ததால் வெறும் வண்டியாகத் திரும்பியது. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆபீசுக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தான் தம்பி.

இன்று நாற்பது மூட்டை சோளத்துக்கு ரசீது வந்தது. கணினியில் இரண்டாயிரம் கிலோ.

"இது எனக்குத்தானேக்கா?" என்றான் தம்பி.

"இரு. மூட்டை எத்தனை கிலோன்னு எழுதல."

"உங்களுக்கு இதே வேலையாப் போச்சு."

வியாபாரி போனை எடுக்கவில்லை. எரிச்சலோடு ரசீதைப் புரட்டினார். விலை குவிண்டாலுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, சரக்கின் மொத்த விலை ஒரு லட்சம். வகுத்தால் நாற்பது குவிண்டால். மூட்டை ஒவ்வொன்றும் நூறு கிலோ.

"நாலு டன்னுடா. உனக்கு ஆகாது."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சொந்தத் தம்பிக்கே இல்லை என்று சொல்ல வைத்த வியாபாரிகளை மனசுக்குள் வறுத்தெடுத்தார் கிலோக்கா. அடுத்த ரசீது அறுபது மூட்டை தவிடு. கணினியில் மூவாயிரம் கிலோ, அதாவது தம்பிக்கு ஆகாது. இதையும் வகுத்தார். குவிண்டால் இரண்டாயிரம், மொத்தம் நாற்பத்தெட்டாயிரம். இருபத்துநாலு குவிண்டால்தான்.

"இது உனக்கு. ரெண்டாயிரத்து நானூறு கிலோ."

"தப்பா இருந்தா திரும்பி வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சாயங்காலம் தம்பி வந்து எடைமேடைச் சீட்டை மேசையில் வைத்தான். வண்டியின் எடை போகச் சரக்கு மட்டும் இரண்டாயிரத்து நானூற்று முப்பத்தாறு கிலோ.

"முப்பத்தாறு எங்கடா முளைச்சுது?" குரல் உயர்ந்துவிட்டது.

"அறுபது சணல் சாக்குக்கா. அதுக்கு எடை இல்லையா?"

கிலோக்கா தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் இன்னொரு ரசீதை எடுத்தார். "நாளைக்கு வருவியா?"

"சாக்கையும் சேர்த்துப் போட்டா வர்றேன்" என்றான்.