பன்னிரண்டு விநாடி தள்ளி

எடிட்டர் அக்காவை ஸ்டுடியோவில் "சிவப்புப் புள்ளி" என்றுதான் கேலி செய்வார்கள். வாடிக்கையாளர் பார்க்க அனுப்பும் படத்தின் மூலையில், எத்தனையாவது நிமிடம், விநாடி என்று காட்டும் டைம்கோடு ஓடும். அதைப் பார்த்து அவர்கள் எழுதும் ஒவ்வொரு திருத்தத்துக்கும், காட்சிகள் வரிசையாகக் கிடக்கும் டைம்லைனில் அதே டைம்கோடில் ஒரு சிவப்பு மார்க்கர் வைத்து, அவர்கள் சொன்னதை அதற்குள்ளேயே டைப் செய்வாள். வேலை முடிந்தால் பச்சை. எல்லாம் பச்சையாகும்வரை அவளுக்குச் சோறு இறங்காது.

இந்த முறை ஒரு தொழிற்சாலையைப் பற்றிய ஆவணப்படம். 04:18-இல் வைத்த மார்க்கரில் இப்படி இருந்தது: "இவர் முகத்தை மறைக்கவும். இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார்."

மார்க்கர்களை வைத்து முடித்ததும் நாத்தனார் எட்டிப் பார்த்தாள். வாடிக்கையாளர்களோடு பேசுவது அவள் பொறுப்பு.

"அண்ணி, ஆரம்பத்துல வர்ற டைட்டில் வேணாமாம். தூக்கிடுங்க."

"இதை முதல்லயே சொன்னா என்ன, வாயில கொழுக்கட்டையா?"

பன்னிரண்டு விநாடி டைட்டிலை வெட்டி, இடைவெளியை மூடினாள். காட்சிகள் எல்லாம் முன்னே நகர்ந்தன. மார்க்கர்கள் நகரவில்லை. அவளுக்கு அது உறைக்கவில்லை.

ஒவ்வொரு மார்க்கராகத் தாவி வேலையை முடித்தாள். 04:18-இல் நீலச் சட்டை போட்ட ஒரு பெண், பின்னால் சாம்பல் சுவர். சத்தத்தை அணைத்திருந்தாள். முகத்தை மங்கலாக்கினாள். பச்சை. படம் போயிற்று.

மறுநாள் மதியம் நாத்தனார் போனைக் காதிலிருந்து எடுக்காமலே வந்தாள்.

"சங்கத் தலைவி முகத்தை ஏன் மறைச்சீங்கன்னு கேக்கறாங்க. அந்தம்மா ஊரறிஞ்சவங்களாம்."

அக்கா மார்க்கரைத் திறந்தாள். பிறகு டைம்லைனில் பன்னிரண்டு விநாடி பின்னால் போனாள். அதே நீலச் சட்டை, அதே சுவர், வேறொரு பெண். இளவயது. மேற்பார்வையாளரின் பெயரைச் சொல்லிப் புகார் செய்துகொண்டிருந்தாள். முகம் பளிச்சென்று தெரிந்தது.

"ஐயோ," என்றாள் அக்கா. "லிங்க்கை எடுத்துடச் சொல்லு. உடனே."

நாத்தனார் போனில் கேட்டாள்.

"அண்ணி... புகாருக்குப் பதில் சொல்லச் சொல்லித் தொழிற்சாலைக்கு இந்தக் காப்பியைத்தான் காலையில அனுப்பியிருக்காங்க. அங்க டவுன்லோடும் பண்ணிட்டாங்களாம்."

"அந்தப் பொண்ணுக்குச் சொல்லச் சொல்லு. வெளிய வந்துடட்டும்."

"கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காங்களாம். எடுக்கலையாம்."

"ஏன்?"

"ஷிஃப்ட்ல இருக்கா. வாசல்லயே போனை வாங்கி வச்சிடுவாங்களாம்."

அக்காவின் கை மௌஸிலேயே இருந்தது. திரையில் அந்தப் பெண் வாய் பாதி திறந்தபடி நின்றிருந்தாள். இப்போது மறைக்கலாம். யாரிடமிருந்து?

"ஷிஃப்ட் எப்ப முடியும்னு கேளு," என்றாள்.

நாத்தனார் கேட்டாள். மறுமுனையில் யாருக்கும் தெரியவில்லை.