அந்தப் பெட்டியை அணைத்தது யார்

இணைய இணைப்பு கொடுக்கும் அந்தக் கம்பெனியின் சேவை மையத்தில் அவளை எல்லோரும் விளக்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். யார் போன் செய்தாலும், அழுதாலும் கத்தினாலும், அவள் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "நெட் பெட்டியில எந்தெந்த விளக்கு எரியுது, சொல்லுங்க." அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. வீட்டில் மகள்கூட, சிணுங்கிக்கொண்டே, "நான் சாப்பிட்டேனா இல்லையான்னும் விளக்கு பார்த்துத்தான் சொல்வியா?" என்று கேலி செய்வாள்.

கணவர் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். மகள் பள்ளியில் சேர்ந்த வருஷம், சும்மா ஆறு மாசம் பார்க்கலாம் என்று இந்த வேலைக்கு வந்தவள், அந்தப் பெண் கல்லூரிக்குப் போன பிறகும் அதே வரிசையில், அதே ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தாள். கோபப்படுகிறவர்களைப் பேசவிட்டு ஆறவைக்கும் பொறுமை அவளுக்குக் கைவந்தது. "நீங்க முழுசா திட்டி முடிங்க, நான் இருக்கேன்" என்பாள். பாதிப் பேர் அதிலேயே சிரித்துவிடுவார்கள்.

பக்கத்து இருக்கைக்காரனை அவள் தம்பி என்றுதான் கூப்பிட்டாள். நாலைந்து வருஷம் முன்னால் புதிதாக வந்தபோது, திரையில் எதைத் தொட வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று அவள்தான் பழக்கிவிட்டாள். மதியம் இரண்டு பேருடைய சாப்பாட்டு டப்பாவும் நடுவில் திறந்திருக்கும். மகளுக்குக் காய்ச்சல் வந்த நாளில் அவளுக்கு வரவேண்டிய அழைப்புகளையெல்லாம் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "அக்கா, நீங்க போங்க, நான் பார்த்துக்கறேன்" என்றவன் அவன்.

ஒரு நாள் காலையில் ஒரு பெண்ணின் அழைப்பு வந்தது. பேச்சு வரத் தாமதமாகும் குழந்தைகளுக்கு வீட்டிலிருந்தே வீடியோவில் பயிற்சி கொடுக்கிறவள். குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது.

"சாயங்காலம் நான் வகுப்பு ஆரம்பிச்சா நெட் செத்துடுது. கொஞ்ச நேரத்துல தானா வருது. மறுபடி போயிடுது. ஏற்கெனவே லைன் செக் பண்ண ஆள் வந்துட்டார். ஒயர் நல்லா இருக்குன்னார், கரண்ட் கொடுக்கிற அடாப்டரையும் மாத்திட்டுப் போனார். ஒண்ணும் மாறலை."

"போகும்போது விளக்கு எப்படி இருக்கும்மா? ஒண்ணு மட்டும் சிவப்பா மாறுதா?"

"இல்லைங்க. எல்லாமே மொத்தமா அணைஞ்சிடும். அப்புறம் ஒவ்வொண்ணா எரிஞ்சு வரும்."

விளக்கக்காவின் கை மேஜையில் தாளம் போடுவதை நிறுத்தியது. "அந்த நேரத்துல வீட்டுல கரண்ட் போகுதா?"

"ஃபேன் சுத்திக்கிட்டுதான் இருக்கும்."

"அப்படின்னா இது லைன் கோளாறு இல்லைம்மா. லைன் போனா பெட்டி உயிரோடதான் இருக்கும், ஒரு விளக்கு மட்டும் சிவப்பாகும். இல்லேன்னா ஃபைபர் ஒயர்ல வர்ற ஒளி குறைஞ்சு ஏறி இறங்கும். வைஃபையை விட்டு ஒயர் சொருகின கம்ப்யூட்டர்லயும் அறுந்து அறுந்து போகும், பெட்டியை அணைச்சுப் போட்டும் தீராது. அப்போ கட்டாயம் லைன் செக் கேளுங்க, விடாதீங்க. ஒரு ரூம்ல மட்டும் வரலேன்னா அது வைஃபை தொல்லை. உங்களுக்கு ரெண்டும் இல்லை. பெட்டியே எழுந்து எழுந்து படுக்குது. நான் இங்கேருந்து அதைத் திறந்து பார்க்கட்டுமா?"

"அங்கேருந்து என் வீட்டுப் பெட்டியைத் திறக்க முடியுமா?"

"முடியும்மா. கம்பெனி கொடுத்த பெட்டிதானே."

"என்னென்ன தெரியும் அதுல?"

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டவளிடம் மழுப்புவது விளக்கக்காவுக்குப் பிடிக்காது. "வர்ற ஒளி எவ்வளவு, பெட்டி எத்தனை நேரமா ஓடுது, எந்த மென்பொருள், இதெல்லாம் தெரியும். உங்க வைஃபை பேரும் தெரியும். எந்தெந்த போன், கம்ப்யூட்டர், டிவி சேர்ந்திருக்கு, அதுங்க பேர் என்ன, எப்போ சேர்ந்துச்சுன்னும் காட்டும். இங்கேருந்து வைஃபை பேரை மாத்தலாம், பாஸ்வேர்டை மாத்தலாம், பெட்டியை அணைச்சுப் போடலாம், மொத்தமா அழிச்சு முதல்லேருந்தும் கொண்டுவரலாம். ஆனா நீங்க பேசுறது, எழுதுறது, வீடியோவுல தெரியுற முகம், எதுவும் இந்தத் திரையில வராதும்மா."

"பாஸ்வேர்டை நான் ரெண்டு தடவை மாத்திட்டேனே. அது தெரியாதுல்ல?"

"எங்க திரையில அதுவும் தெரியும்மா."

அந்தப் பெண் மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது. அப்புறம் அவள் மெல்லச் சொன்னாள்: "நான் இப்போ தனியா இருக்கேன். வீட்டுக்காரரை விட்டு வந்துட்டேன். போன வாரம் எங்க அண்ணன் வந்து ஒரு ராத்திரி தங்கினார். நான் யார்கிட்டயும் வாய் திறக்கலை. மறுநாளே மாமியார் போன் பண்ணி, 'உன் வீட்டுல படுத்திருந்த ஆம்பளை யாரு'ன்னு கேக்குறாங்க. அண்ணன் போனுக்கு வச்சிருக்கிற பேர்ல அவர் பேர்கூட இருக்காது, அவர் கம்பெனி பேர்தான் இருக்கும். அந்தப் பேரையே சொல்லிக் கேட்டாங்க! வீட்டுல கேமரா ஒளிச்சு வச்சிருக்காங்களோன்னு பீரோவெல்லாம் நகர்த்திப் பார்த்துட்டேன்."

விளக்கக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கேமராவில் போனின் பேர் தெரியாது. அது தெரியும் இடம் இப்போது அவள் கண்முன்னால்தான் இருந்தது.

பெட்டியைத் திறந்தாள். வரும் ஒளி கல்லு மாதிரி நின்றது. பெட்டி ஒவ்வொரு முறை விழிக்கும்போதும், தான் ஏன் விழித்தேன் என்று கம்பெனிக்குச் சொல்லும். மின்சாரம் போய் வந்தால் ஒரு மாதிரி சொல்லும், கம்பெனி கட்டளை போட்டு எழுப்பினால் வேறு மாதிரி சொல்லும். இங்கே எல்லாம் கட்டளை. மென்பொருள் புதுப்பித்தலாக இருக்கும் என்று மனம் கெஞ்சியது. ஆனால் மென்பொருளின் எண் மாறவே இல்லை. கட்டளை போட்டது யாருடைய லாகின் நுழைவு என்று அழுத்திப் பார்த்தாள்.

பக்கத்து இருக்கையின் நுழைவு.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவனுக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. நாற்காலியின் முதுகில் அவன் ஸ்வெட்டர் தொங்கியது. யாரோ அவன் நுழைவைத் திருடியிருப்பார்கள் என்று ஒரு நொடி நம்பினாள். ஆனால் அந்தப் பெட்டியை அணைத்த சாயங்கால நேரமெல்லாம் அவன் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "அக்கா, மிக்சர் இருக்கா?" என்று கேட்ட நேரங்கள்.

"என்னங்க, இருக்கீங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"இருக்கேம்மா. பெட்டியை அணைச்சது இங்கேருந்துதான். யாருன்னு நானா சொல்லக் கூடாது, மேலிடத்துல சொல்லிட்டு இன்னிக்கே கூப்பிடறேன். அதுவரைக்கும் பெட்டியோட சுவிட்சை அணைச்சு வைங்க. போன்ல இருக்கிற நெட்டை வச்சு வகுப்பு எடுங்க."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "இது வெளியே போனா நம்ம கதி என்னம்மா? அவனைக் கூப்பிட்டுக் கண்டிச்சு விட்டுடலாமே. நீங்க வளர்த்த பையன்தானே."

"சார், அந்தப் பொண்ணு வீட்டுல யார் தூங்குறாங்கன்னு நம்ம ஆபீஸ்லேருந்து ஒருத்தன் எட்டிப் பார்த்திருக்கான். கண்டிச்சா போதுமா?" தன் குரல் இவ்வளவு உயர்ந்ததை அவளே அப்போதுதான் கேட்டாள்.

மதியம் அவனை உள்ளே கூப்பிட்டார்கள். மறுக்கவில்லை. அதுதான் அவளை அதிகம் உலுக்கியது.

"அவங்க என் அண்ணி" என்றான், ஏதோ முகவரி சொல்வது போல. "எங்க அண்ணனை விட்டுட்டுப் போனவங்க. அம்மா தினமும் அழறாங்க. யார் வர்றாங்க, போறாங்கன்னு கேட்டாங்க. பார்த்துச் சொன்னேன். நான் என்ன அக்கா, திருடினேனா? ஒரு பட்டனை அமுக்கினேன். நெட் போச்சுன்னா வேலை நடக்காது, வேலை நடக்கலேன்னா தானா வீட்டுக்கு வந்துடுவாங்கன்னு நெனச்சேன்."

"குழந்தைங்கடா" என்றாள் விளக்கக்கா. "வாய் திறக்காத குழந்தைங்க. அதுங்க பாதி வார்த்தைக்கு வர்றப்போ நீ அணைச்சிருக்கே."

அவள் பழக்கிவிட்ட விரல்களை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் அவன். விளக்கக்கா எழுந்து போய்க் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

அவனுடைய நுழைவை அங்கேயே முடக்கினார்கள். முதலில் தயங்கிய மேலாளர், அந்தப் பெண் போலீசுக்குப் போனால் பெட்டியைத் திறந்த பதிவுகள் தேவைப்படும் என்று, அழியாமல் எடுத்துவைக்கத் தானே ஆள் போட்டார். அவனுக்கு வேலை போனது. புகார் எண் இல்லாமல் யாருடைய பெட்டியையும் திறக்க முடியாதபடி திரையை மாற்றினார்கள். சாப்பாட்டு வேளையில் விளக்கக்கா வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றது. "சொந்தத் தம்பியா இருந்தா காட்டிக் கொடுப்பாங்களா?" என்று ஒருத்தி முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. அவள் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டாள். பசிக்கவே இல்லை.

அவன் பிடிபட்ட அன்று சாயங்காலமே விளக்கக்கா அந்தப் பெண்ணைக் கூப்பிட்டிருந்தாள். மேலாளரும் பக்கத்திலிருந்து மன்னிப்புக் கேட்டார். யார் என்று சொன்னதும், "கொழுந்தனா?" என்றாள் அந்தப் பெண். அவனை மணமேடையில் தன் பக்கத்தில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்களாம். ஏதோ கால் சென்டரில் வேலை என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியுமாம்.

"இனிமே என்ன செய்யணும்?" என்று கடைசியில் கேட்டாள்.

"சொந்தமா ஒரு ரவுட்டர் வாங்கிக்கங்கம்மா. எங்க பெட்டியோட வைஃபையை நிறுத்திட்டு, வெறும் வாசல் மாதிரி மாத்திக் கொடுக்கறேன். உங்க போன், கம்ப்யூட்டர் எல்லாம் உங்க ரவுட்டர்ல சேரட்டும். அப்புறம் எங்களுக்கு உங்க ரவுட்டர் ஒண்ணுதான் தெரியும், அதுக்கு உள்ளே இருக்கிறது தெரியாது. ஒளி வருதா இல்லையான்னு பார்ப்போம். லைன் செக்குக்கு அது போதும்."

அந்தப் பெண் அப்படியே செய்தாள். புது ரவுட்டருக்குப் பாஸ்வேர்டு வைக்கும்போது விளக்கக்காதான் போனில் வழி சொன்னாள். "பாஸ்வேர்டை வாய்விட்டுச் சொல்லாதீங்க, எனக்கும் தெரிய வேண்டாம்." எல்லாம் முடிந்து விளக்குகள் நிலையாக நின்றதும், அந்தப் பெண் போனை வைக்காமல் இருந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? அன்னிக்கு நீங்களும் பார்த்தீங்கதானே, என் வீட்டுல என்னென்ன இருக்குன்னு?"

நன்றி சொல்வாள் என்று விளக்கக்கா எதிர்பார்த்திருந்தாள். பார்க்கட்டுமா என்று கேட்டதை, அனுமதி வாங்கியதைச் சொல்லலாம். அந்தப் பெண் அன்று சரி என்று சொன்னாளா என்று யோசித்தாள். என்னென்ன தெரியும் என்று கேட்டாள், பயந்தாள், அண்ணனைப் பற்றிச் சொன்னாள். சரி என்று அவள் சொன்னதாக ஞாபகமே வரவில்லை.

"பார்த்தேம்மா" என்றாள்.

"ம்" என்றாள் அந்தப் பெண். கோபமா என்று தெரியவில்லை. இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அடுத்த அழைப்பு மணி அடித்தது. விளக்கக்கா அதை எடுத்தாள். எடுத்தும், எப்போதும் கேட்கிற கேள்வி உடனே வாயில் வரவில்லை.