வாய் மூடாத குழாய்கள்

அலுவலகத்தில் அவளுக்குக் குழாய்க்காரி என்றே பேர். கணினியில் உருவாக்கும் ஆலைக் காட்சிகளுக்கான குழாயும் கேபிளும் ஆறு வருஷமாக அவள் வேலைதான். விடுப்பு முடிந்து வந்தவள் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் கோப்பைத் திறந்ததும் முகம் சுளித்தாள். இருநூறு குழாய்களின் நானூறு முனையிலும் யாரோ வட்டத் தட்டுகளை ஒட்டியிருந்தார்கள். பாதி கோணல், மீதி வெளியே பிதுங்கியது.

"எல்லாக் குழாயும் உருவாக வளைகோட்டு மேல ஓட்டுற அந்த ஒரே வட்டத்தை மாத்தி வரைஞ்சேன். முனைக்கு மூடி போடுற ஃபில் கேப்ஸ் போட்டும் மூடல. அதான் ஒட்டிட்டேன். யாரு உத்துப் பாக்கப் போறா?" என்றார் குழுத்தலைவர்.

அவள் குழாயைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் நெடுக ஒரு கீறல். அவர் வரைந்த வட்டம் ஓரிடத்தில் சேராமல் கிடந்தது. மூடாத வடிவத்துக்கு மூடி எப்படி விழும்? அவள் வட்டத்தைச் சேர்த்து மூடினாள். கீறலும் மறைந்தது, எல்லா முனையும் அடைபட்டது.

தட்டுகளை அழிக்க மதியமாகிவிட்டது. அதற்குள் அவர் வாடிக்கையாளரிடம், "சின்னச் சிக்கல் சார், நானே சரிபண்ணிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பேசி முடித்ததும் அவள் எதிரே வந்து நின்றாள்.

"இனிமே என் கோப்பைத் தொடாதீங்க" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, கைகழுவப் போனாள்.