மாசி முகூர்த்தமும் மேல்வரிசைக் கோரைப்பல்லும்

என் தங்கையின் மேல்வரிசையில் வலப்பக்கக் கோரைப்பல் மற்றப் பற்களைவிட மேலே ஏறி, கொஞ்சம் திரும்பியும் நிற்கும். சின்ன வயதில் வீட்டில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. முப்பத்தோரு வயதில், காரைக்குடியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தபோது, ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "கல்யாணத்துக்கு முன்னாடி இந்தப் பல்லச் சரி பண்ணிரணும்ணே. ஆல்பத்துல வாயத் தெறந்து சிரிக்கணும்." நகை, புடவை என்று அவளாக எதையும் கேட்டதில்லை. இதை மட்டும் கேட்டாள்.

அப்பா இறந்த பிறகு அம்மா இந்த மாதிரி விஷயங்களை என் பொறுப்பில் விட்டுவிட்டாள். நான் காரைக்குடி வீட்டிலிருந்து தினமும் போய்வந்து சிவகங்கை நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருக்கிறேன். வழக்குகளுக்கு அடுத்த வாய்தாத் தேதியைக் குறித்துச் சொல்வது என் வேலையில் பாதி. விடுமுறை நாட்களில் சுற்றுவட்டாரக் கோவில்களுக்குத் திருப்பணி நடந்த ஆண்டுகளைக் கல்வெட்டுகளையும் பழைய பத்திரிகைகளையும் வைத்துத் தொகுத்து வருகிறேன். ஒரு கும்பாபிஷேகம் எந்த ஆண்டு, எந்த நட்சத்திரத்தில் நடந்தது என்பதில் இரண்டு பேர் முரண்பட்டால் என்னிடம் வருவார்கள். தேதி விஷயத்தில் நான் தவறமாட்டேன் என்று ஒரு நினைப்பு எனக்கு உண்டு.

ஆனி மாதத் தொடக்கத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த பல் கிளினிக்குக்கு அவளை அழைத்துப் போனேன். பல் சீரமைப்பு டாக்டர் ஒரு பெண்மணி. ஒரு சின்னக் கருவியை வாய்க்குள் நகர்த்தி ஸ்கேன் எடுத்து, பற்களின் படத்தைத் திரையில் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

"ரெண்டு வழி இருக்கு. கிளிப்புன்னு சொல்ற கம்பி. இல்லைன்னா அலைனர், கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தட்டு. இவங்களுக்கு ரெண்டுமே செய்யலாம். ஆனா இந்தக் கோரைப்பல் கீழயும் இறங்கணும், நேராத் திரும்பவும் வேணும். அதுக்கு நான் கம்பியத்தான் சொல்லுவேன். ஒட்டிட்டா அது பாட்டுக்கு வேலை செய்யும். அலைனர் கழட்டி மாட்டுறது. ஒரு நாளைக்கு இருபது, இருபத்திரண்டு மணி நேரம் வாயில இருந்தாத்தான் பல் நகரும். சாப்பிடக் கழட்டணும், டீ குடிக்கக் கழட்டணும், பல் விளக்கிட்டுத்தான் திரும்ப மாட்டணும்."

"எத்தனை மாசம் ஆகும் டாக்டர்?" என்றேன்.

"எதுன்னாலும் ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்."

தங்கை யோசிக்கவே இல்லை. "கம்பியே போட்டுருங்க டாக்டர். என் கிளாஸ்ல பாதிப் பிள்ளைக கம்பியோடதான் உக்காந்திருக்கு. நானும் போட்டா அதுகளுக்குச் சந்தோஷமா இருக்கும்."

அந்த வாரம்தான் தேவகோட்டையிலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்திருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் பல்லில் கம்பியோடு அவள் காபி கொண்டுவந்து வைப்பதை மனதில் நினைத்துப் பார்த்தேன். எனக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சப்பட்டது நான், அவள் அல்ல.

"அலைனரே இருக்கட்டும் டாக்டர். வெளிய தெரியாதுல்ல?" என்றேன்.

"பல்லு மேல பல் நிறத்துலயே சின்னச் சின்ன மேடு ஒட்டுவோம், தட்டு பிடிச்சுக்கிறதுக்கு. கிட்ட வந்து பாத்தாத்தான் தெரியும்."

"அண்ணே, பல்லு என்னோடதுண்ணே" என்று சிரித்தாள் தங்கை. நானும் சிரித்துவிட்டு அலைனருக்கே சம்மதம் சொன்னேன். அவள் அதற்கு மேல் வாதாடவில்லை. வாதாடியிருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ தடவை நினைத்தேன். அப்படி நினைப்பதும் பழியை அவள் பக்கம் தள்ளுகிற வேலைதான்.

பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், பிடித்திருந்தது. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. அடுத்த ஆவணியில் கல்யாணம் என்று பேசினோம். அலைனர்கள் அதற்குள் முடிந்துவிடும். ஒரு தட்டு இரண்டு வாரம், பிறகு அடுத்தது; ஒவ்வொன்றும் பல்லை இம்மியளவு தள்ளும். எட்டு எட்டுத் தட்டுகளாகக் கொடுத்து, அவை முடியும்போது வரச் சொல்வார்கள்.

தங்கை ஒழுங்காகப் போட்டாள். பள்ளியில் டீ வேளையில் மற்ற டீச்சர்கள் சூழ்ந்து உட்கார, இவள் மட்டும் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருப்பாளாம். "பத்தியக்காரி வந்துட்டா" என்று கேலி பேசினார்களாம். கல்யாணப் பெண் என்று உறவுக்காரர்கள் விருந்துக்கு அழைக்கும்போதும் சாப்பிட்டு எழுந்தவுடன் கொல்லைப்பக்கம் போய்ப் பல் விளக்கி மாட்டிக்கொண்டு வருவாள்.

முதல் எட்டுத் தட்டுகளில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லி அடுத்த எட்டைக் கொடுத்த சமயத்தில்தான் மாப்பிள்ளையின் அப்பா போன் செய்தார். மகனுக்கு ஆவணியில் லீவு கிடைக்காது, மாசியில்தான் ஊரில் இருப்பான் என்றார். நான் பஞ்சாங்கத்தைப் புரட்டி, அந்தப் போனிலேயே மாசியில் ஒரு முகூர்த்தத்தைச் சொன்னேன். நீதிமன்றத்தில் வாய்தா சொல்கிற மாதிரியே சொன்னேன். தங்கை அப்போது பள்ளியில் இருந்தாள்.

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அப்ப பல்லு?"

"அதெல்லாம் கணக்குப் போட்டுட்டேன். ரெண்டு வாரத்துக்குப் பதிலா எட்டு ஒம்பது நாளுல மாத்துனா மாசிக்குள்ள முடிஞ்சிரும்."

"டாக்டர்ட்ட கேட்டீகளா?"

"சில ஊர்கள்ல வாரத்துக்கு ஒண்ணு மாத்துறாகளாம். படிச்சுத்தான் சொல்றேன்."

படித்தது உண்மை. சிலருக்கு அப்படி மாற்றச் சொல்வதும் உண்மை. அது யாருக்கு, எந்தப் பல்லுக்கு என்பதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. ஒரு வார்த்தை கேட்க ஒரு போன் போதும். கேட்டால் வேண்டாம் என்பாரோ என்று பயந்துதான் கேட்கவில்லை என்று இப்போது படுகிறது.

தட்டு மாற்றுகிற நாளை நானே அவளுக்கு ஞாபகப்படுத்தினேன். அந்த எட்டில் மூன்றாவது தட்டில், "வலிக்குதுண்ணே. அந்தப் பல்லுக்கிட்ட உக்கார மாட்டேங்குது" என்றாள். தட்டை அழுத்திப் பதிய வைப்பதற்குக் கடிக்கச் சொல்லி கிளினிக்கில் ரப்பர் உருளை ஒன்று கொடுத்திருந்தார்கள். "அதை வச்சு நல்லாக் கடி. உக்காந்துரும்" என்றேன். அவள் வீட்டுப்பாடம் திருத்திக்கொண்டே அதைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கன்னம் இறுகி இறுகித் தளர்வதைப் பார்த்துக்கொண்டே என் வேலையைச் செய்தேன்.

கார்த்திகையில் கிளினிக்குக்குப் போனபோது டாக்டர் தட்டை மாட்டச் சொல்லிப் பார்த்தார். கோரைப்பல்லின் நுனிக்கும் தட்டுக்கும் நடுவே நகம் நுழைகிற அளவு இடைவெளி. பக்கத்துப் பற்கள் நகர்ந்திருந்தன, இது மட்டும் வரவில்லை.

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாத்துனீங்க?" என்று தங்கையிடம் கேட்டார்.

"நான்தான் டாக்டர் மாத்தச் சொன்னேன்" என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "பல் நகரணும்னா ஒரு பக்கம் எலும்பு கரையணும், இன்னொரு பக்கம் புதுசா வளரணும் சார். முகூர்த்தத்தப் பாத்து அது வளராது" என்று மட்டும் சொன்னார். பிறகு தங்கையிடம் திரும்பினார். "திரும்ப ஸ்கேன் எடுத்துப் புதுத் தட்டு வரவழைக்கலாம். இல்ல, மேல் வரிசைக்குக் கம்பி போடலாம். ரெண்டுலயும் கல்யாணத்துக்குள்ள முடியாது. கம்பின்னா இந்தப் பல்லு நான் சொன்னபடி கேக்கும். பல்லுல ஒட்டுற பிராக்கெட்ட வெள்ளையில போடலாம், ஆனா கம்பி தெரியும். கல்யாணத்துக்குக் கழட்டிட்டு அப்புறம் ஒட்டிக்கவும் செய்யலாம்."

"கழட்ட வேணாம் டாக்டர். கழட்டி ஒட்டி, திரும்பப் பின்னாடி போறதுக்கா? கம்பியே போடுங்க" என்றாள். ஆனியில் சொன்ன அதே பதில். அப்போதே போட்டிருந்தால் பாதி வழி கடந்திருக்கும்.

டவுன் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது, "அவருட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க ஒண்ணும் பேசாதீக" என்றாள். அன்று இரவே மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாள். அவருக்கு அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லையாம்.

கல்யாணத்தன்று அவள் மேல்வரிசையில் வெள்ளைப் பொட்டுகளும் அவற்றைக் கோத்த கம்பியும் தெரிந்தன. கோரைப்பல் பாதிதான் இறங்கியிருந்தது. ஆனாலும் காலையில் அலங்காரம் முடிந்து உட்கார்ந்திருந்தவள், போட்டோக்காரர் ஏதோ சொன்னதற்கு வாய் விட்டுச் சிரித்தாள். அதைப் பார்த்தபோது என் நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது.

தாலி கட்டி முடிந்தபின் மாப்பிள்ளையின் சின்னம்மா அவளுக்கு அருகில் வந்து முகத்தைத் தூக்கிப் பார்த்தார். "ஏத்தா, இது என்ன பல்லுல, பள்ளிக்கூடத்துப் பிள்ள மாதிரி?"

"நாந்தான் சின்னத்தே, அவசரப்பட்டு ஒண்ணு செஞ்சு அது சரியா வரல. இன்னும் ஆறேழு மாசத்துல எடுத்துருவாக."

"எடுக்கட்டும், எடுக்கட்டும். முறுக்குக் கடிக்க முடியாது, அம்புட்டுத்தான? எங்க வீட்டு முறுக்கு தப்பிச்சுச்சு." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அதோடு முடிந்திருந்தது.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. என் பழியை அவள் சுமந்துகொண்டு நிற்கிறாளே என்று தோன்றியது. "அவ மேல தப்பில்லக்கா. நான்தான் அவசரப்படுத்துனேன்" என்று நடுவில் புகுந்தேன். தட்டு, இரண்டு வாரம், ஆவணி, மாசி என்று வரிசையாக எல்லாவற்றையும் விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கு இதமாக இருந்தது.

சின்னம்மாவின் முகம் மாறியது. "அப்ப நாங்க தேதிய மாத்தச் சொன்னதுதான் தப்புங்கிறீகளா தம்பி?"

"ஐயோ, அப்படி இல்லக்கா..."

"இல்ல, சொல்லுங்க. அன்னைக்கே போன்ல முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல? முகூர்த்தத்த எடுத்துக் குடுத்ததே நீங்கதான்னு மாப்பிள்ளையோட அப்பாவே சொன்னாக." அவர் பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் தங்கையின் வாயையே பார்த்தார்கள். பிறகு மூவரும் சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் போனார்கள்.

தங்கை மாலையைச் சரி செய்துகொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "அவுக ஒண்ணு கேட்டாக, நான் ஒண்ணு சொன்னேன், முடிஞ்சுபோச்சு. உங்க மனசு ஆறணும்னு என்னைய எதுக்குண்ணே நடுவுல நிறுத்துறீக?"

ஆல்பம் வந்தபோது தனியாக உட்கார்ந்து பார்த்தேன். அலங்காரத்தின்போது எடுத்த படங்களில் கம்பி தெரியச் சிரித்திருக்கிறாள். தாலி கட்டியபின் எடுத்த எல்லாவற்றிலும் உதட்டை மூடியிருக்கிறாள். அவள் தட்டு மாற்றிய நாட்களை அவளைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தவன் நான். இந்த மாற்றம் எந்த நிமிடத்தில் நிகழ்ந்தது என்பதும் எனக்குத்தான் தெரியும்.

இப்போது அவள் தேவகோட்டையிலிருந்து மாதம் ஒருமுறை பஸ்ஸில் வந்து கம்பியை இறுக்கிக்கொண்டு போகிறாள். பல் நன்றாக இறங்கிவிட்டது, முடிந்தபின் பின்வாங்காமல் இருக்க ராத்திரியில் ரிடெய்னர் என்ற தட்டைப் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். போன மாதம் கிளினிக் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் இட்லியை மெத்தென்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கிளம்பும்போது பஸ் ஸ்டாண்ட் வரை பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"அடுத்து எப்ப வரச் சொல்லியிருக்காக?" என்றேன். "லீவு போட்டுட்டுக் கூட வாறேன்."

"வேணாம்ணே. தேதிய நானே பாத்துக்கிறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பையை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பும்வரை நின்றுகொண்டிருந்தேன். தேதியை அவள் சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.