பாலத்துக்கும் கூரைக்கும் நடுவே இரண்டு விரல்

எங்கள் வீட்டுக்காரருக்குப் படகுத்துறையில் ‘கேள்வி அண்ணன்’ என்று பெயர். படகு வீட்டுக்குப் பதிவு செய்கிற மேஜையில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களை நேராகப் படகில் ஏற்றிவிட மாட்டார். முதலில் விசாரணை.

“ராத்திரி யாராவது அடிக்கடி எழுந்திருப்பாங்களா? குறட்டை விடுறது யாரு? குழந்தை தவழுதா, நடக்குதா? படி ஏறினா யாருக்கு முட்டி வலிக்கும்?”

ஆசையாகப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்த புதுமாப்பிள்ளை முகம் சுண்டிப்போய் நிற்பான். “சார், நாங்க சும்மா ஒரு நாள் போய்ட்டு வரத்தான் வந்தோம்” என்பான். “அதுக்குத்தான் தம்பி கேக்குறேன்” என்பார் இவர்.

கேட்பதற்குக் காரணம் இருந்தது. பின்பக்கத்து அறை சமையலறையை ஒட்டினாற்போல் இருக்கும். இஞ்சின் சத்தம், தாளிக்கிற நெடி எல்லாம் கட்டிலுக்கே வரும். முன்பக்கத்து அறையில் காற்றும் வெளிச்சமும் பிரமாதம், ஆனால் விடிகாலையில் ஆட்கள் குறுக்கும் நெடுக்கும் நடப்பார்கள். மாடி அறையில் காட்சி நன்றாக இருக்கும். அலை வந்தால் ஆட்டமும் அங்கேதான் அதிகம். வயசானவர்களுக்கும் தலைசுற்றல்காரர்களுக்கும் கீழே நடு அறை. தவழுகிற குழந்தை என்றால் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவில் வலை கட்டச் சொல்வார். மிதவைச் சட்டையை ஆளாளுக்குப் போட்டுப் பார்த்து, பொத்தான் விழுந்தால்தான் பலகையில் கால் வைக்க விடுவார். எட்டுப் பயணிகளுக்கு அனுமதி என்றால் எட்டுதான். ஒன்பதாவதாக மந்திரியே வந்தாலும் கரையில் நிற்க வேண்டியதுதான்.

ஊருக்கெல்லாம் இத்தனை கேள்வி கேட்ட மனுஷன், வீட்டில் நான் கேட்ட ஒரே ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. “ஏங்க, நாம எப்போங்க போறது?”

கோடையில் கேட்டால், “இப்பவா? தண்ணி வத்திக் கிடக்கு. பக்கக் கால்வாய்ல சேத்துல தட்டும். இஞ்சின் விசிறியில பாசி சுத்திக்கும்.” மழைக்காலத்தில் கேட்டால், “தண்ணி ஏறிடுச்சு. பாலத்துக்குக் கீழே கூரை நுழையாது.” மழை விட்ட பிறகு இரண்டு மாசம் தண்ணீர் அளவாக இருக்கும். அப்போது கேட்டால், “சீசன்மா! ஒரு படகு காலி இல்ல.” ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஒரு கட்டத்தில் எனக்கே அலுத்துப் போய்க் கேட்பதை விட்டுவிட்டேன். மனசுக்குள் மட்டும் ஒரு கறுவல் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

பிறகு அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. செவ்வாய், வியாழன், சனி, வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும் என்றானது. மேஜையை விட்டார். வீட்டில் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தெருவில் போகிறவர்களிடம்கூட எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருந்தார். அந்த வாயடைப்புதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் என்னை மட்டும் வெளியில் கூட்டி வந்து டாக்டர் சொன்னார்: “இதயமும் களைச்சுப் போயிருக்கும்மா. அவருக்கு ஏதாவது ஆசை இருந்தா தள்ளிப்போடாதீங்க.”

அன்றைக்கு மருந்துச் சீட்டைத் தேடி அவருடைய பழைய பையைக் கொட்டினேன். துறையில் அவர் கைவிடாமல் வைத்திருந்த நோட்டு விழுந்தது. பாலத்துத் தூணில் நீர்மட்டம் பார்க்கக் கோடு போட்டு எண் எழுதியிருக்கும். எந்த எண்ணில் தண்ணீர் நின்றால் கூரைக்கும் பாலத்துக்கும் எத்தனை விரல் இடைவெளி என்று வருஷக்கணக்காகக் குறித்து வைத்திருந்தார். கடைசிப் பக்கத்தில் வேறொன்று இருந்தது.

‘இவள். கீழே நடு அறை. சத்தம் ஆகாது. உப்பு தூக்கலாக. ராத்திரி ஒரு தடவை எழுந்து தண்ணீர் குடிப்பாள், தலைமாட்டில் வைக்கவும்.’

அதற்குக் கீழே தேதிகள். வருஷத்துக்கு ஒன்று, இரண்டு. எல்லாவற்றையும் அடித்து, பக்கத்தில் காரணம். ‘பார்ட்டி வந்துவிட்டது.’ ‘தண்ணீர் ஏறிவிட்டது.’ ‘சின்னவனுக்குக் காய்ச்சல்.’ ‘பார்ட்டி வந்துவிட்டது.’

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. நோட்டைக் கொண்டுபோய் அவர் மடியில் போட்டேன். “இருபத்திரண்டு வருஷமா மனசுக்குள்ளயே படகு விட்டீங்களா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா முத்தா உதிர்ந்துடும்?”

அவர் நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “சொல்லிட்டு நடக்கலைன்னா நீ வருத்தப்படுவியே.”

“சொல்லாம இருந்ததுக்கு நான் சந்தோஷமாவா இருந்தேன்? இந்த ஞாயித்துக்கிழமை போறோம்.”

“மழைக்காலம்மா...”

“எனக்கும் எண் பார்க்கத் தெரியும்.”

சனிக்கிழமை ஆஸ்பத்திரி முடிந்தால் அடுத்தது செவ்வாய்தான். ஞாயிறு மதியம் ஏறி, திங்கள் காலையில் இறங்கிவிடலாம். டாக்டரும் தலையாட்டினார், ஒரு முழ நீளப் பத்தியத்தோடு. நான் துறைக்குப் போய்ச் சமையல்காரரிடம் ஒப்பித்தேன். உப்பு கிள்ளிப் போடணும். காயை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் தாளிக்கணும். வாழைப்பழம், இளநீர், தக்காளி கண்ணிலேயே காட்டக் கூடாது. குடிக்கிற தண்ணீர் இந்த ஒரு பாட்டில்தான், ரசம், மோர் எல்லாம் அதில் கழியும். ஏற்றும்போது இடது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, ஊசி ஏற்றுகிற கை அது.

“அண்ணி, நீங்க கேள்வி அண்ணனையே தூக்கிச் சாப்பிட்டுடுவீங்க போல” என்றார் சமையல்காரர்.

தூணில் தண்ணீர் ஒன்பதில் நின்றது. நோட்டில் ஒன்பதுக்கு ‘இரண்டு விரல், மெதுவாகப் போகலாம்’ என்று இருந்தது. பத்துக்கு ‘கூடாது’. நான் மூன்று தடவை சரிபார்த்தேன். பாலத்தைத் தாண்டினால்தான் ஏரி. தாண்டாவிட்டால் கடைவீதிப் பின்புறத்தையும் சாக்கடை வாயையும் சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான்.

ஞாயிறு மதியம். நாங்கள் இரண்டு பேர், ஓட்டுநர், சமையல்காரர். பாலத்துக்கு இந்தப் பக்கத் துறையில் படகை அணைத்து, ஓட்டுநர் அளவுக் கழியை எடுத்துக்கொண்டு போனார். தண்ணீரிலிருந்து பாலத்தின் அடிவரைக்கும் அளந்தார். அப்புறம் தண்ணீரிலிருந்து கூரை உச்சிவரைக்கும். உதட்டைப் பிதுக்கினார்.

“உரசும் அண்ணி. ஒரு விரல்கூட இல்ல.”

“எப்படி இல்லாமப் போகும்? தண்ணி ஒன்பதுலதானே நிக்குது? நோட்டுல இருக்கே!”

“நோட்டுல இருக்கு. இங்க இல்லையே.”

வானம் வேறு மேற்கே கறுத்துக் கிடந்தது. இன்றைக்கு ராத்திரி பெய்து தண்ணீர் பத்தைத் தொட்டால், இறங்க எத்தனை வாரமோ. அதுவரைக்கும் இவர்? எழுந்து போய் அந்தப் பாலத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்கலாமா என்றிருந்தது. “என் நேரம்!” என்று பலகையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நடு அறை வாசலில் நாற்காலியில் இருந்தவர் தொண்டையைக் கனைத்தார். “தண்ணித் தொட்டியில எவ்வளவு இருக்கு?”

எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அந்தக் குரலில் ஒரு கேள்வி.

“கால்வாசி அண்ணே. ரெண்டு பேருக்கு அது போதுமேன்னு...”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். “தப்பு என் மேலதான். நான் இந்த நோட்டை எழுதினதெல்லாம் ஆள் நிறைஞ்சு, தொட்டி நிறைஞ்சு போன படகை அளந்து. காலிப் படகை நான் எப்போ பாலத்துக்கு அனுப்பினேன்? பாரம் இல்லைன்னா படகு உயர மிதந்து நிக்கும்டா. தொட்டியை ரொப்பு. ஆளைக் கூப்பிடு.”

துறைக் குழாயிலிருந்து தொட்டி நிறைந்துகொண்டிருந்தபோதே ஆட்கள் வந்தார்கள். டீக்கடைக்காரர், படகு கழுவுகிற அக்கா தங்கை இரண்டு பேர், மெக்கானிக், பக்கத்து மேஜையில் இருபது வருஷம் இவரோடு சண்டை பிடித்த போட்டிக் கம்பெனிக்காரர், மூட்டை தூக்குகிறவர். எல்லோரும் இவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். ஏழாவதாகக் காய்கறிக்காரர் கால் வைத்தார்.

“நிறுத்து! நாங்க ரெண்டு, இவங்க ஆறு. எட்டு ஆச்சு.”

“அண்ணே, உங்களுக்காகத்தானே...”

“எனக்காகத்தான் சொல்றேன், கரையில நில்லு. மத்தவங்க சட்டையைப் போடுங்க. எல்லாரும் கீழ் தளம். பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். கம்பிக்கு வெளியே கை நீட்டாதீங்க.”

டீக்கடைக்காரர் தொப்பைக்குப் பொத்தான் விழவில்லை. “பெரிய சைஸ் எடுத்துக் குடு, மூச்சை இழுத்துப் பிடிச்சு ஏமாத்தப் பார்க்கிறான்” என்றார் இவர். படகே குலுங்குகிற மாதிரி சிரித்தார்கள்.

ஓட்டுநர் மறுபடியும் கழியை வைத்துப் பார்த்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். இஞ்சின் முனகிக்கொண்டு மெதுவாக நகர்ந்தது. பாலத்தின் நிழல் எங்கள் மேல் வந்தது. போட்டிக் கம்பெனிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார், என்னவோ அவர் தலைதான் இடிக்கப் போவது மாதிரி. அப்புறம் வெளிச்சம்.

அந்தப் பக்கத்துத் துறையில் ஆறு பேரும் இறங்கி, பாலத்தின் மேலே நடந்தே திரும்பிப் போனார்கள். “நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு இங்க நிப்போம், தொட்டியைக் காலி பண்ணிடாதீங்க!” என்று டீக்கடைக்காரர் கத்தினார்.

ஏரி எப்படி இருந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். தண்ணீர்தான், நிறையத் தண்ணீர். பொழுது சாயும் முன்னே கரையோரம் மரத்தில் கட்டிவிட்டார்கள். வடித்துத் தாளித்த காயை இரண்டு பேரும் ஒரே தட்டிலிருந்து சாப்பிட்டோம். எனக்கென்று தனியாக உப்புக் கிண்ணம் வந்திருந்தது. சமையல்காரரிடம் நான் அதைச் சொல்லவில்லை. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து உட்கார்ந்தேன், தலைமாட்டிலேயே இருந்தது. “சத்தம் இருக்கா?” என்று கேட்டார். “இல்லீங்க” என்றேன். “ஆட்டம்?” “இல்லீங்க.” “அப்போ சரி” என்று கண்ணை மூடிக்கொண்டார். பெய்துகொண்டிருந்த தூறலைக் கேட்டபடி நான் விழித்தே கிடந்தேன். தூங்கி அந்த ராத்திரியை வீணாக்க மனசு வரவில்லை.

காலையில் எட்டு மணிக்கு ஆறு பேரும் நின்றிருந்தார்கள், ஆளுக்கொரு குடையோடு. தண்ணீர் ஒன்பதைவிட்டு நகரவில்லை.

அவர் போய் இப்போது நாலு வருஷம் ஆகிறது. துறையிலிருந்து அவ்வப்போது போன் வரும். “அண்ணி, ரெண்டே பேர்தான். தண்ணி ஒன்பது. போகுமா?” நான் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, “தொட்டி நிறைஞ்சிருக்கா? ராத்திரி யாராவது எழுந்திருப்பாங்களா?” என்று ஆரம்பிப்பேன். “வந்துட்டாங்கப்பா கேள்வி அண்ணி” என்று அந்தப் பக்கம் சிரிப்பார்கள்.

பேசி முடித்தபின் கடைசிப் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் மூடுவேன். அடித்துப் போட்ட தேதிகளுக்கெல்லாம் கீழே, நடுங்குகிற கையெழுத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேதி இருக்கிறது. அதை மட்டும் அடிக்கவில்லை. பக்கத்தில் காரணம் எழுதுகிற இடத்தில் ‘போனோம்’ என்று எழுதியிருக்கிறார்.