நான் எழுதிக் கொடுத்த பெயர்

பிரின்சிபால் மேடம் என் மனுவைக் கடைசி வரிவரை படித்தார். பிறகு பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார். காகிதத்தின் நடுவில் ஓரிடத்தில் விரலை வைத்து, "இந்தப் பேர்ல எங்க ஸ்கூல்ல யாரும் இல்லீங்கம்மா. இதை அடிச்சுக் குடுங்க, வாங்கிக்கறேன்" என்றார். நான் ஒரு கோடு போட்டேன். குனிந்து பார்த்தார். "இன்னும் படிக்க முடியுதே." மேலும் கீழும் கிறுக்கினேன். மை ஊறி அந்த இடத்தில் காகிதம் கிழிந்தது. அதன் பிறகுதான் மனுவை வாங்கிப் பள்ளியின் முத்திரையை வைத்தார். அந்தக் குரலில் கோபம் துளியும் இல்லை. சேர்க்கைப் படிவத்தில் பிறந்த தேதி தவறாக இருந்தால் ஒருவர் எப்படிச் சொல்வாரோ அப்படித்தான் சொன்னார். என்னால் இன்றுவரை தாங்க முடியாமல் இருப்பது அந்தச் சாதாரணக் குரலைத்தான்.

எங்களுக்குச் சொந்த ஊர் தேனிப் பக்கம். கல்யாணமான கையோடு ஓசூர் வந்தோம். கணவருக்கு ஒரு கம்பெனி, எனக்கு வேறொரு கம்பெனி, மகளுக்குத் தொரப்பள்ளி போகும் சாலையில் இந்தப் பள்ளி. எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்கிறவள் நான். காஸை மூடினோமா என்று பார்க்கப் பாதிப் படியிலிருந்து திரும்பி ஏறுவேன். மகள் வேனில் ஏறியதும் டிரைவருக்கு ஒரு போன், பள்ளி வாசலை அடைந்திருப்பாள் என்று தோன்றும்போது இன்னொரு போன். இவ்வளவு யோசிக்கிற நான் யோசிக்காமல் செய்த காரியம் இது ஒன்றுதான் என்று சொல்லிக்கொள்ள ஆசை. அது பொய். இதையும் யோசித்துத்தான் செய்தேன்.

மகள் எட்டாம் வகுப்புக்குப் போன வருடம், அவளோடு படித்த ஒரு பிள்ளை கோடை விடுமுறை முடிந்து பாவாடை, சட்டை, இரட்டைப் பின்னலோடு பள்ளிக்கு வந்தாள். அதுவரை பையன்கள் வரிசையில் நின்ற பிள்ளை. அந்த வருடம் புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் நிறையப் பேர், பழைய பிரிவுகளையும் கலைத்துப் போட்டிருந்தார்கள். அதனால் பல குழந்தைகளுக்கு அவள் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், அவ்வளவுதான். விஷயம் தெரிந்த அம்மாக்கள்தான் வாட்ஸப் குழுவில் கொதித்தார்கள். "கேர்ள்ஸ் பாத்ரூமுக்கு வருதாம், கேட்டீங்களா?" "வயசுக்கு வந்த பிள்ளைங்க போற எடம்ங்க." "ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா மேடமா வந்து நிப்பாங்க?" ஒருத்தி என்னைக் குறிப்பிட்டு, "அக்கா, நீங்கதான் டிகிரி முடிச்சவங்க, நறுக்குன்னு நாலு வரி எழுதுங்க, நாங்க கையெழுத்துப் போடறோம்" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

குழுவில் எல்லாரும் "அது", "அந்தப் பையன்" என்றுதான் எழுதினார்கள். பழைய பெயர் எனக்கு மட்டும் நினைவிருந்தது. மனு என்றால் விவரம் தெளிவாக இருக்க வேண்டாமா? பெயரை எழுதினேன். எல்லாரும் ஒரு தடவை பார்த்துச் சொல்லட்டும் என்று மனுவைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். கைதட்டும் பொம்மைகள் வந்து குவிந்தன. மறுநாள் காலை ஷிப்டை மாற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

பிரின்சிபால் மேடம் பாகலூர்ப் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம். என்னைப் பார்த்ததும், "கூத்கொள்ளி… உக்காருங்கம்மா" என்றார். நான் எழுதி வைத்திருந்ததையே வாயாலும் ஒப்பித்தேன். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"உங்க பொண்ணுக்கு என்ன நடந்துச்சு?"

எனக்குப் புரியவில்லை.

"யாராச்சும் தொட்டாங்களா? எட்டிப் பாத்தாங்களா? போட்டோ எடுத்தாங்களா? தப்பா ஏதாவது பேசினாங்களா? அப்படி ஒண்ணு இருந்தா இப்பவே சொல்லுங்க. நான் எழுதிக்கறேன், இன்னைக்கே மேல தெரியப்படுத்தறேன். செஞ்சது எந்தப் பிள்ளையா இருந்தாலும், டீச்சராவே இருந்தாலும் அதுதான் ரூல்."

"ஒண்ணும் நடக்கல மேடம். நடந்துடக் கூடாதுன்னுதான்…"

"சரி. அப்போ இது புகார் இல்ல, பயம். பயத்துக்கும் நான் பதில் சொல்லியாகணும். ஆனா அதுக்காக இன்னொரு பிள்ளைக்குப் பாத்ரூமை மூட முடியாது."

நான் விடவில்லை. கீழே வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் இருக்கும் கழிப்பறையை அந்தப் பிள்ளைக்கு ஒதுக்கலாமே என்றேன். அதை ரொம்ப நியாயமான யோசனை என்றே நினைத்திருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் கை காட்டினார். வகுப்பு இருப்பது மேல்மாடியில். இடைவேளை மணி அடித்ததும் ஒரு பிள்ளை மட்டும் எல்லாப் படியும் இறங்கி, மைதானத்தைக் கடந்து, வாட்ச்மேன் எதிரில் போய்வர வேண்டும். "தினமும் அது ஒரு ஊர்வலம்மா. ஏன் அங்க போறேன்னு ஒவ்வொருத்தரும் கேப்பாங்க. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்றதுக்கா பிள்ளைங்க ஸ்கூலுக்கு வருது?"

அந்தப் பிள்ளையைப் பற்றி என்னென்னவோ கேட்டேன். டாக்டரிடம் காட்டினார்களா, சான்றிதழ் இருக்கிறதா என்றெல்லாம். "உங்க பொண்ணைப் பத்தி வேற ஒரு அம்மா வந்து கேட்டா நான் சொல்லலாமாங்கம்மா?" என்றார். பொதுவாக ஒன்று மட்டும் சொன்னார். திருநர் என்று அடையாளச் சான்றிதழ் வேண்டும் என்றால் கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்குப் பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டும், அதை வைத்துப் பள்ளிப் பதிவேட்டில் பெயர் மாற்றலாம். "ஆனா அது ரெக்கார்டுக்கு. பாத்ரூம் வாசல்ல நின்னு நான் யார்கிட்டயும் சர்டிபிகேட் கேக்கறதில்ல. உங்க பொண்ணுகிட்ட கேட்டிருக்கனா?"

அதற்குப் பிறகுதான் பேனாவை நீட்டினார். பேனாவைக் கையில் வாங்கும்போதே, அந்தப் பெயர் குழுவில் கிடப்பது எனக்கு நினைவு வந்தது. சொல்லவில்லை. கிறுக்கிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அந்த வாரத்திலேயே எழுத்தில் பதில் வந்தது. நான் எழுதிய மனுவைவிடச் சின்னது. திருநர் உரிமைகளுக்கான சட்டப்படி எந்தக் கல்வி நிறுவனமும் மாணவர்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது, கழிப்பறைக்கென்று சட்டத்தில் தனி வரி தேட வேண்டியதில்லை, ஒரு மாணவி எந்தப் பாலினத்தவராக வாழ்கிறாரோ அதற்கான கழிப்பறையைப் பயன்படுத்துவார் என்பது பள்ளியின் முடிவு என்று இருந்தது. எல்லாக் கதவுகளும் தரைவரை இறங்கும்படி மாற்றப்படும், தாழ்ப்பாள்கள் சரிபார்க்கப்படும், இடைவேளையில் ஆயாம்மா வெளியே இருப்பார். முதலுதவி அறையை ஒட்டிய தனிக் கழிப்பறை, தனிமை வேண்டும் என்று நினைக்கிற எந்த மாணவிக்கும் திறந்திருக்கும். அங்கே போக யாரையும் கட்டாயப்படுத்த மாட்டோம், ஏன் போகிறாய் என்றும் கேட்க மாட்டோம். தங்கள் மகளுக்கு விருப்பம் என்றால் அவரும் பயன்படுத்தலாம். கடைசி வரியில், இந்த விஷயம் ஒரு குழந்தையைப் பற்றியது என்பதால் வெளியில் பகிர வேண்டாம் என்று கேட்டிருந்தார். கடிதம் முழுக்கத் தேடினாலும் அந்தக் குழந்தை யார் என்று கண்டுபிடிக்க முடியாது. பள்ளியின் முடிவை மட்டும் குழுவில் சொன்னேன். "மேடம் வீட்ல பொம்பளப் பிள்ளை இல்ல போல" என்று ஒருத்தி எழுதினாள். சிரிக்கும் பொம்மைகள். பிறகு பேச்சு யூனிபார்ம் துணி, பஸ் கட்டணம் என்று போய்விட்டது. முடிந்தது என்று நினைத்தேன். உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது. தோற்றுப்போனதில் வருகிற நிம்மதி.

ஒரு நாள் மகளின் சாப்பாட்டுப் பையைக் கழுவப் போட்டேன். தண்ணீர் பாட்டில் அப்படியே நிறைந்து இருந்தது. வெயில் காலம். ஏன் குடிக்கவில்லை என்று கத்தினேன்.

"அவ குடிக்கறதில்ல. அதான் நானும் குடிக்கல."

"எவ?"

பதில் வருவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. அம்மாக்களின் போன்களில் இருந்த படத்தைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பெண் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டதும், வெளியே நிற்கும் சில பெண்கள் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்களாம். ஆயாம்மா திரும்பினால் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்களாம். அந்தப் பெயரைக் கேட்டே இராத பிள்ளைகள். இப்போது அவள் உள்ளேயே போவதில்லை. காலையில் வீட்டில் போனால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான். அதனால் தண்ணீர் குடிப்பதில்லை. மத்தியானம் தயிர் சாதத்தைக்கூடப் பாதியில் மூடிவிடுகிறாள்.

அடக்கி வைப்பது என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கம்பெனியில் நான் முதலில் வேலை பார்த்தது அசெம்பிளி லைனில். எழுந்து போக வேண்டும் என்றால் என் இடத்துக்கு ஒருத்தி வந்து உட்கார வேண்டும். அவள் வரும்வரை தொடைகளை இறுக்கிக்கொண்டு திருகாணி முடுக்குவேன். மகள் வயிற்றில் இருந்தபோது, கேட்கக் கூச்சப்பட்டே தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். நீர் போகும்போது நெருப்பை மிதித்தது போல எரியும். காய்ச்சலில் சுருண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பெண்களின் கஷ்டம் என்று அன்றைக்கு யாராவது எழுதச் சொல்லியிருந்தால் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். பிரின்சிபால் மேடம் மூட மறுத்த கதவை, நான் எழுதிய ஒரு பெயர் மூடிவிட்டது.

இரண்டாம் தடவை அந்த அறைக்குப் போனபோது உட்காரத் தோன்றவில்லை. பெயர் குழுவில் போனது என் கையால்தான் என்று சொன்னேன். முதல் தடவையாக அவர் முகம் கறுத்ததைப் பார்த்தேன். "அன்னைக்குப் பேனா பிடிச்சு அடிச்சீங்களே, அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல? அன்னைக்கே நான் கிளாஸ்ல பேசியிருப்பேன்." மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்ட எதுக்கும்மா? எங்க போட்டீங்களோ அங்க சொல்லுங்க." அன்று மத்தியானமே ஒவ்வொரு பிரிவாகப் போய்ப் பேசினாராம். கூப்பிட்ட பிள்ளைகளின் பெற்றோரைத் தனித்தனியாக வரச்சொன்னாராம். அந்தப் பெயர் இனி யார் வாயிலிருந்து வந்தாலும் அது கேலி இல்லை, துன்புறுத்தல் என்று எழுதி வாங்கினாராம்.

குழுவில் எழுத நான் எடுத்துக்கொண்ட நாட்களைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எழுதுவேன், அழிப்பேன். நறுக்கென்று நாலு வரி எழுதத் தெரிந்தவளுக்கு ஒரு வரி வரவில்லை. கடைசியில் எழுதினேன்: நான் எழுதிய மனு தவறு, அந்தப் பெயரைப் போட்டது அதைவிடப் பெரிய தவறு, படத்தை எல்லாரும் அழித்துவிடுங்கள், பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். ஒருத்தி குழுவை விட்டு வெளியேறினாள். ஒருத்தி, "என்னக்கா, மேடம் மிரட்டிட்டாங்களா?" என்று கேட்டாள். மற்றவர்கள் படித்ததற்கு நீல அடையாளம் மட்டும் விழுந்தது.

இப்போது மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அந்தப் பெண்ணும் அதே பள்ளியில்தான் படிக்கிறாள். மகளின் பாட்டில் காலியாக வருகிறது. அதை ஒரு நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளலாமா என்று தெரியவில்லை, ஏனென்றால் பள்ளியில் நடப்பதை மகள் என்னிடம் சொல்வதை விட்டுவிட்டாள். முன்பெல்லாம் வேனிலிருந்து இறங்கும்போதே பேச ஆரம்பிப்பாள். போன வாரம் சோறு போட்டுக்கொண்டே, ஏதோ மறந்ததை விசாரிப்பது போல, "அவ இப்போ தண்ணி குடிக்கிறாளாடி?" என்று கேட்டேன்.

மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எதுக்கும்மா? எழுதறதுக்கா?"